மூன்றாம் கேள்விக்குப் பூஜ்யம்

என் தோழன் எனக்கு இருபதுக்குப் பதினொன்று போட்டான். நான் அவனுக்குப் பத்தொன்பது போட்டிருந்தேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

அவனை நாங்கள் நெட்டை என்றுதான் கூப்பிடுவோம். ஆறடி மூன்று அங்குலம். கிடங்கில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுபவன். வண்டிக்குள் உட்கார்ந்தால் முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்கும். எனக்கு மிளகாய் என்று பெயர் வைத்ததும் அவன்தான். காரணத்தை நீங்களே போகப் போகத் தெரிந்துகொள்வீர்கள். மூன்றாவது ஆள் கேட் அண்ணன். கிடங்கின் வாசலில் உட்கார்ந்து உள்ளே வரும் லாரி, வெளியே போகும் லாரி எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதுபவர். எங்கள் இருவரையும்விடப் பதினைந்து வயது பெரியவர். நான் டெஸ்பாட்ச் மேசை. எந்தப் பெட்டி எந்த லாரியில் எத்தனை மணிக்கு ஏறவேண்டும் என்பது என் தலையில்.

ஒன்பது வருடம் அந்தக் கிடங்கில் ஒன்றாகக் குப்பை கொட்டினோம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை போனால் கேட்டில் வேறு பூட்டு. முதலாளி இடத்தை விற்றுவிட்டார். கேட் அண்ணனுக்கே சாவி இல்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மனிதர் தன் நாற்காலியை எடுக்கக்கூட உள்ளே போக முடியவில்லை.

அடுத்த வாரமே ஊருக்கு வெளியே இருந்த மருந்துக் கிடங்கு ஒன்று ஆள் எடுப்பதாக விளம்பரம் போட்டது. ஷிஃப்ட் மேற்பார்வையாளர், மூன்று இடங்கள். நாங்கள் மூன்று பேர். யார் யாரைத் தள்ளிவிட்டு உள்ளே போவது என்ற சங்கடமே இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நெட்டைக்கு இந்த வேலை கிடைத்தே ஆகவேண்டும். அவன் மனைவிக்கு இங்கே ஆஸ்பத்திரி லேபில் நிரந்தர வேலை. மகள் இரண்டாம் வகுப்பு. இங்கே ஒன்றும் கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் அவன் மட்டும் மச்சான் ஊருக்குப் போகவேண்டும். பஸ்ஸில் எட்டு மணி நேரம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் கிடங்குகள் நிறைய, எதிலாவது நுழைத்துவிடுகிறேன் என்று மச்சான் சொல்லியிருந்தார். "ஞாயித்துக்கிழமை அப்பாவா இருக்கணும்னா அதுவும் மாசத்துக்கு ஒரு ஞாயிறுதான்" என்று ஒருநாள் சொன்னான். சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்க் போடும் யோசனை அவனுடையது. அவனுக்கு அது புதிதும் அல்ல. கிடங்கில் தினமும் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் ஒரு தாள் நிரப்புவான். பிரேக், ஹார்ன், சரக்கைத் தூக்கும் முள், சங்கிலி, எண்ணெய்க் கசிவு. ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் டிக் போடுவான். ஒருமுறை புதுப்பையன் ஒருவன் வண்டியைப் பார்க்காமலே வரிசையாக டிக் அடித்துவிட்டான். நெட்டை அவனை அன்று முழுக்க வண்டியில் ஏறவிடவில்லை. "நீ தாளுக்கு டிக் போட்டே. வண்டிக்குப் போடல" என்றான்.

அதே மாதிரி ரெஸ்யூமுக்கும் ஒரு தாள் செய்துகொண்டு வந்தான். நாங்கள் சந்தித்த இடம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடை. கடைக்காரர் கேட் அண்ணனின் பழைய சிநேகிதர். பின்பக்கம் காகிதக் கட்டுகள் அடுக்கிய இடத்தில் ஒரு மேசையும் இரண்டு பெஞ்சும் உண்டு. மெஷின் ஓடினால் மேசை லேசாக நடுங்கும்.

"எல்லாரும் ஒரே விளம்பரத்தை வச்சுத்தான் பார்க்கணும்" என்றான் நெட்டை. விளம்பரத்தை மூன்று பிரதி எடுத்து, 'கட்டாயம்' என்று போட்டிருந்த நான்கு தகுதிகளைச் சிவப்பிலும் 'இருந்தால் நல்லது' என்றவற்றை நீலத்திலும் கோடிட்டிருந்தான். "இவனுக்கு ஒரு வேலை, அவளுக்கு ஒரு வேலைன்னு பார்த்தா மார்க்கை ஒப்பிட முடியாது. அப்புறம் நல்லா இருக்கு, சூப்பரா இருக்குன்னு பேசிட்டுப் போயிடுவோம்."

பத்துக் கேள்வி. முதல் நான்கும் கட்டாயத் தகுதிகள்: ஐந்து வருட கிடங்கு அனுபவம் தெரிகிறதா, இருப்புக் கணக்கு மென்பொருள் தெரியும் என்று இருக்கிறதா, புதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்தது தெரிகிறதா, எந்த ஷிஃப்டுக்கும் தயார் என்று இருக்கிறதா. அடுத்த இரண்டும் நீலக் கோடுகள். பிறகு, செய்த வேலைக்கு எண்ணிக்கை இருக்கிறதா, விளம்பரத்தில் உள்ள வார்த்தைகளே உண்மையான இடத்தில் வந்திருக்கின்றனவா, நடுவில் வேலை இல்லாத காலத்துக்கு விளக்கம் உண்டா, கடைசியாக நீளமும் பிழையும் போன் நம்பரும். தாளில் இல்லை என்றால் பூஜ்யம். இருக்கிறது ஆனால் மழுப்பலாக இருக்கிறது என்றால் ஒன்று. பளிச்சென்று தெரிந்தால் இரண்டு. மார்க்குக்குப் பக்கத்தில் 'எந்த வரி' என்று ஒரு கட்டம். எந்த வரியைப் பார்த்து அந்த மார்க்கைப் போட்டோம் என்று எழுதவேண்டும். அதற்கும் பக்கத்தில் 'என்ன மாற்றலாம்'.

"ஒவ்வொருத்தர் பேப்பரையும் மத்த ரெண்டு பேரும் பார்க்கணும். பேசக்கூடாது. இருபது நிமிஷம். அப்புறம் மார்க்கை வச்சுப் பார்ப்போம். ஒரு கேள்விக்கு ஒருத்தர் பூஜ்யம், இன்னொருத்தர் ரெண்டுன்னா அதை மட்டும் உக்காந்து பேசுவோம். ரெண்டு பேரும் ஒரே மார்க்குன்னா விட்டுடலாம். சிவப்புல ஒரு பூஜ்யம் இருந்தாக்கூட, மொத்தம் எவ்வளவு வந்தாலும் அதைச் சரி பண்ணாம அனுப்பக்கூடாது."

"பரீட்சைக்குப் பயந்து பன்னிரண்டோட நிறுத்தினவ நான்" என்றேன்.

"அதான் உனக்கு ஒழுங்கா மார்க் போட ஆளே கிடைக்கல" என்றான்.

இருபது நிமிடம் மெஷின் சத்தம் மட்டும். நெட்டையின் ரெஸ்யூம் என் கையில். படிக்கவே எனக்குப் பெருமையாக இருந்தது. ஃபோர்க்லிஃப்ட் உரிமம், எண், காலாவதி தேதி. பதினோரு வருடத்தில் ஒரு விபத்துகூட இல்லை. ஒரு ஷிஃப்டில் சராசரி நூற்றெண்பது பேலட், அதாவது பெட்டிகள் அடுக்கிய மரத்தட்டு. எனக்கு அந்த மனிதனைத் தெரியாதா? ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு, இரண்டு, இரண்டு என்று போட்டுக்கொண்டே போனேன். பிழை ஒன்று கண்ணில் பட்டதால் கடைசிக் கேள்விக்கு மட்டும் ஒன்று. அதைக்கூட மனசில்லாமல்தான் போட்டேன்.

பிறகு தாள்களை நடுவில் வைத்தோம். முதலில் கேட் அண்ணன். இரண்டாம் கேள்விக்கு, அதாவது மென்பொருளுக்கு, நானும் நெட்டையும் பூஜ்யம் போட்டிருந்தோம். அவர் வாழ்நாள் முழுக்க நோட்டில் எழுதியவர். அவர் தாளை எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சரியாத்தான்பா போட்டிருக்கீங்க. இந்த வேலை எனக்கு இல்ல. முதல்ல கம்ப்யூட்டர் க்ளாஸுக்குப் போறேன். உங்க ரெண்டு பேருக்கும் மார்க் போட ஆள் வேணும்ல, அதுவரைக்கும் இருக்கேன்."

அடுத்து நெட்டையுடையது. நானும் அண்ணனும் போட்டது ஏறக்குறைய ஒரே மார்க். பத்தொன்பது, பதினெட்டு. பேச ஒன்றும் இல்லை. விட்டுவிட்டோம்.

அடுத்து என்னுடையது. அண்ணன் பதினேழு. நெட்டை பதினொன்று. மூன்றாம் கேள்விக்கு, புதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்த அனுபவத்துக்கு, பூஜ்யம். வட்டமான, பெரிய, சிவப்புப் பூஜ்யம்.

எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது.

"எனக்கா பூஜ்யம்? என்கிட்ட டெஸ்பாட்ச் கத்துக்கிட்டவங்க எத்தனை பேருன்னு உனக்குத் தெரியாது?"

"தெரியும். நாற்பது பேர் இருக்கும்."

"தெரிஞ்சுமா போட்டே?"

"தெரிஞ்சதைப் பார்த்து மார்க் போட முடியாது. இருக்கிறதைப் பார்த்துத்தான் போட முடியும். இதுல என்ன இருக்கு? 'டெஸ்பாட்ச் பிரிவில் பணி.' அவ்வளவுதான் இருக்கு."

"பக்கத்துல நின்னு பார்த்தவன் நீ. உன் கண்ணு முன்னாடி நடந்தது."

"நான் பார்த்தேன். பேப்பர் பார்க்கலையே."

இந்த வாக்கியத்தை அவன் குரலை உயர்த்தாமல் சொன்னான். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. கத்தியிருந்தால் நானும் கத்தித் தீர்த்திருப்பேன். கேட் அண்ணன் சமாதானம் செய்ய வாயெடுத்தார். நான் என் தாள்களைச் சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். போகிற போக்கில், "ஒன்பது வருஷம் கூட இருந்ததுக்குப் பதினொன்னு. வருஷத்துக்கு ஒன்னு வச்சு, மேல ரெண்டு இனாமா?" என்று ஒரு கேள்வியையும் விட்டெறிந்துவிட்டுத்தான் போனேன்.

வீட்டில் என் மாமியார் துணி மடித்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் விஷயத்தைக் கேட்டார். கொட்டித் தீர்த்தேன். அவர் ஒரு துண்டை நிதானமாக நான்காக மடித்துவிட்டு, "நாற்பது பேருன்னு நீ எழுதலியா?" என்றார்.

"இல்ல அத்தை. அதெல்லாம் எழுதுவாங்களா? அது வேலையோட வேலையா செய்யறது."

"அப்ப அந்தப் புள்ள சொல்றதுல என்ன தப்பு?"

என் வீட்டிலேயே எனக்கு ஆதரவு இல்லை. அந்தக் கோபத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். நான் டெஸ்பாட்ச் மேசைக்கு வந்த நான்கு வருடத்தில் யார் யார் வந்தார்கள் என்று விரல் விட்டு எண்ணினேன். நாற்பத்து மூன்று பேர். ஒருவருக்கு எத்தனை நாள் பயிற்சி, எதை எதைச் சொல்லிக்கொடுத்தேன், அதன்பிறகு தவறான லாரியில் ஏறும் பெட்டிகள் மாதத்துக்கு முப்பதிலிருந்து எட்டாகக் குறைந்தது, எல்லாம் எழுதினேன். இந்தக் கிடங்கில் சேர்வதற்கு முன், மாமியாரின் இடுப்பு எலும்பு முறிந்தபோது பதினான்கு மாதம் வீட்டில் இருந்தேனே, அதற்கும் ஒரு வரி. நெட்டை 'என்ன மாற்றலாம்' கட்டத்தில் எழுதியிருந்த ஏழு குறிப்புகளையும் ஒன்று விடாமல் செய்தேன். ஒவ்வொன்றைச் செய்யும்போதும் அவனை மனதுக்குள் திட்டினேன். வாங்கிய அடியில் நியாயம் இருந்தால் வலி இரண்டு மடங்கு, அது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அவனிடம் பேசவில்லை. விண்ணப்பத்தை மட்டும் அனுப்பினேன். கடைசித் தேதி வெள்ளிக்கிழமை. அவனும் அனுப்பிவிட்டான் என்று கேட் அண்ணன் சொன்னார்.

பத்து நாள் கழித்து எனக்கு நேர்காணல் அழைப்பு வந்தது. அன்றைக்கே என் கோபமெல்லாம் ஆவியாகிவிட்டது என்று சொன்னால் பொய். கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஆனால் போனை எடுத்து நெட்டையைத்தான் முதலில் கூப்பிட்டேன்.

"வியாழக்கிழமை பத்து மணிக்கு எனக்கு. உனக்கு எத்தனை மணிக்கு?"

"நல்லதும்மா. நாளைக்குக் கடைக்கு வா. கேள்வி கேட்டுப் பழக்கிவிடறேன்."

"உனக்கு எத்தனை மணிக்குன்னு கேட்டேன்."

அந்தப் பக்கம் அவன் மகள் ஏதோ பாடத்தைச் சத்தமாக ஒப்பிப்பது மட்டும் கேட்டது.

"எனக்கு வரல" என்றான்.

மறுநாள் ஜெராக்ஸ் கடைக்கு நான் கேள்வி பழகப் போகவில்லை, சண்டை போடத்தான் போனேன். யாரோடு என்று தெரியாது. அந்தக் கம்பெனியோடு என்று வைத்துக்கொள்ளுங்களேன். நெட்டையும் அண்ணனும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள்.

"அவனுங்களுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? நீ இல்லாம எவனை எடுக்கப் போறானுங்க? காரணம் என்னன்னாவது சொன்னானுங்களா?"

அவன் போனைத் திறந்து நீட்டினான். வந்த மெயிலில் இரண்டே வரி. கட்டாயத் தகுதி எண் மூன்று, புதிய பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்த அனுபவம், விண்ணப்பத்தில் காணப்படவில்லை. தங்கள் ஆர்வத்துக்கு நன்றி.

நான் அதை மூன்று தடவை படித்தேன்.

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். முதல் வாரம் பேலட் எண்ணத் தெரியாமல் நான் முழித்தபோது வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி வந்து, ஒவ்வொரு லேபிளையும் எப்படிப் படிக்கவேண்டும் என்று காட்டியவன். ஃபோர்க்லிஃப்ட் பக்கம் வந்த ஒவ்வொரு பையனும் அவன் கை பட்டுத்தான் வெளியே போனான். நூறு பேர் இருப்பார்கள். அது அவன் ரெஸ்யூமில் இல்லையாம். இல்லாமல் எப்படி இருக்கும்? நான் படித்தேனே. நான் இரண்டு மார்க் போட்டேனே.

"அந்தத் தாள் எங்க? நான் மார்க் போட்ட தாள்?"

"அது எதுக்கு இப்ப?"

"எடு."

அவன் பைல் ஒன்றிலிருந்து இரண்டு தாள்களையும் எடுத்து வைத்தான். என்னுடையது, அண்ணனுடையது. என் தாளில் மூன்றாம் கேள்விக்கு எதிரே இரண்டு. 'எந்த வரி' என்ற கட்டம் காலி. அந்த ஒன்று மட்டுமல்ல, மேலிருந்து கீழ்வரை எல்லாக் கட்டமும் காலி. அண்ணன் தாளிலும் மூன்றாம் கேள்விக்கு இரண்டு. அவர் கட்டத்தைக் காலியாக விடவில்லை. அழகான கையெழுத்தில் 'எல்லாருக்கும் தெரியும்' என்று எழுதியிருந்தார்.

ரெஸ்யூமை எடுத்து வரி வரியாக விரல் வைத்துப் படித்தேன். உரிமம் இருந்தது. விபத்து இல்லை என்பது இருந்தது. நூற்றெண்பது பேலட் இருந்தது. பயிற்சி என்ற ஒரு வார்த்தை இல்லை. அதைப் படித்த அன்றைக்கு நான் என்ன படித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அவன் முகத்தைத்தான் படித்திருக்கவேண்டும்.

கேட் அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாசல்ல உக்காந்திருந்தாலே உன் குரல் கேக்கும் தம்பி. புதுப் பசங்களை நீ திட்டறது. அதை நினைச்சே போட்டுட்டேன்."

அவர் சொல்லிவிட்டார். என்னால் அதுகூட முடியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் கோபப்படுவதுதான். அதை அவன் பக்கமே திருப்பினேன்.

"இந்தக் கட்டமெல்லாம் காலியா இருந்ததை நீ பார்த்தியா இல்லையா?"

"பார்த்தேன்."

"அன்னைக்கேவா?"

"நீ போனதுக்கு அப்புறம்."

"அப்ப ஏன் கேக்கல? பார்க்காம டிக் போட்டதுக்கு அந்தப் பையனை ஒருநாள் முழுக்க நிக்க வச்சவன்தானே நீ? என்கிட்ட மட்டும் ஏன் கேக்கல?"

அவன் மேசையைப் பார்த்தான். முன்பக்கம் யாருக்கோ நூறு பிரதி ஓடிக்கொண்டிருந்தது. மேசை நடுங்கியது.

"பத்தொன்பதுன்னு போட்டிருந்தே. எனக்கு யாரும் அவ்வளவு போட்டதில்ல மிளகாய். சந்தோஷமா இருந்துச்சு. ரெண்டு நாளைக்கு அப்படியே வச்சிருக்கலாம்னு தோணுச்சு. அப்புறம் கடைசித் தேதி வந்துடுச்சு."

நான் எழுந்து வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்று அழுதேன். வேலையைப் பறித்த முதலாளியை நினைத்து அழவில்லை. மருந்துக் கிடங்கை நினைத்தும் இல்லை. பதினொன்று போட்டவன் எனக்கு நல்லது செய்தான், பத்தொன்பது போட்ட நான் அவனுக்குக் குழி தோண்டினேன். இதை எந்த வாயால் யாரிடம் சொல்வது?

வியாழக்கிழமை நேர்காணலுக்குப் போனேன். குளிரூட்டிய சின்ன அறை. எதிரே மனிதவள அதிகாரி ஒரு அம்மா, பக்கத்தில் கிடங்கு மேலாளர். மேலாளர் என் ரெஸ்யூமைப் பார்த்துக்கொண்டே, "நாற்பத்து மூணு பேருக்குப் பயிற்சி கொடுத்திருக்கீங்க. நீங்க எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார்.

"எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒருத்தர் இருக்கார் சார். எனக்கு மட்டும் இல்ல, நூறு பேருக்கு. இதே வேலைக்கு விண்ணப்பிச்சிருந்தார். நீங்க தள்ளிட்டீங்க."

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். வேலை போனால் போகட்டும் என்று நான் நிறுத்தாமல் சொன்னேன். நூறு பேர் என்றேன், பதினோரு வருடம் என்றேன், என் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தது என்றேன். நெட்டையின் நிஜப் பெயரையும் சொன்னேன். மேலாளர் கணினியில் தேடினார்.

"பேப்பர்ல பயிற்சியைப் பத்தி எதுவும் இல்லையேம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

"நாங்க எல்லாரும் பார்த்திருக்கோம் சார்."

"நீங்க பார்த்திருப்பீங்க. எங்களுக்கு எப்படித் தெரியும்? வந்தது முந்நூத்தி எட்டு விண்ணப்பம். கட்டாயத் தகுதி இல்லாததை எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் ஒதுக்கினோம். ஒருத்தருக்கு மட்டும் இப்ப திறந்தா மத்தவங்களுக்கு என்ன பதில் சொல்றது? அடுத்த வருஷம் ஆள் எடுப்போம். அப்ப எழுதிப் போடச் சொல்லுங்க."

  நெட்டை குரலை உயர்த்தாமல் சொன்ன அதே விஷயத்தை அந்த மனிதரும் குரலை உயர்த்தாமல் சொன்னார். அன்றைக்கு அவனோடு சண்டை போட்டேன், இங்கே யாரோடு போடுவது?

வேலை எனக்குக் கிடைத்தது. மாமியார் சந்தோஷப்பட்டார். நான் அந்தக் கடிதத்தை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு ஒருநாள் முழுக்க அதை எடுக்கவில்லை.

மாதக் கடைசி சனிக்கிழமை மாலை நெட்டைக்கு பஸ். மதியமே ஜெராக்ஸ் கடைக்கு வரச் சொன்னேன். தோளில் ஒரு பை, கையில் ஒரு பெட்டி, கூடவே மகள். மனைவி டியூட்டி முடிந்து நேராக பஸ் நிலையத்துக்கு வருவதாகச் சொன்னான். சின்னது கடைக்காரரிடம் உபயோகமில்லாத காகிதங்களை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்து படம் வரைய ஆரம்பித்தது.

மச்சான் அனுப்பியிருந்த துறைமுகக் கிடங்கின் விளம்பரத்தை நான் பிரதி எடுத்து, சிவப்பிலும் நீலத்திலும் கோடிட்டு வைத்திருந்தேன். கட்டாயம் என்று ஐந்து தகுதிகள். அவன் புது ரெஸ்யூமை வாங்கிக்கொண்டேன். கேட் அண்ணனுக்கு ஒரு பிரதி கொடுத்தேன். பேசவில்லை. இருபது நிமிடம்.

இந்தத் தடவை அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவன் யாரென்றே எனக்குத் தெரியாது என்று வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு கேள்விக்கும் விரலை ஒரு வரியில் வைத்த பிறகுதான் எண்ணைப் போட்டேன். பயிற்சி, இரண்டு, ஒன்பதாவது வரி. உரிமம், இரண்டு, நான்காவது வரி. ஐந்தாம் கேள்விக்கு வந்தேன். ஆபத்தான சரக்கைக் கையாண்ட அனுபவம். விரலை மேலிருந்து கீழே கொண்டுபோனேன். மறுபடி கீழிருந்து மேலே கொண்டுவந்தேன்.

பூஜ்யம் போட்டேன். அண்ணனின் தாளை எட்டிப் பார்த்தேன். அவரும் பூஜ்யம். 'எந்த வரி' கட்டத்தில் 'தேடினேன், இல்லை' என்று எழுதியிருந்தார்.

நெட்டை தாளைப் பார்த்தான். அவன் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குப் பார்த்தேன். பஸ்ஸுக்கு மூன்று மணி நேரம், மகள் காலடியில், வீட்டை விட்டுப் போகிற வயிற்றெரிச்சல், எல்லாம் சேர்ந்து அந்தச் சிவப்பு வட்டத்தில் வந்து விழுந்தது.

"ஆசிட் டிரம் லாரிலேர்ந்து உருளப் பார்த்தப்ப யார் இறக்கினது? நீ எங்க நின்னுட்டு இருந்தே? என் பின்னாடிதானே நின்னே? அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் அந்தச் சரக்கு பூரா நான்தானே பார்த்தேன். உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும்."

"அப்புறம் என்ன?"

"அந்த ஊர்ல உன்னை யாருக்கும் தெரியாது நெட்டை."

சொன்ன பிறகுதான் அதன் கனம் எனக்கே தெரிந்தது.  கேட் அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். தரையில் வரைந்துகொண்டிருந்த சின்னது நிமிர்ந்து அப்பாவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது.  உன் அப்பா இந்த பஸ்ஸில் ஏறுவதற்குக் காரணம் நான்தான் என்று ஏழு வயதுக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது?

நான் பேனாவை அவன் பக்கம் தள்ளினேன். 

"எழுதுடா. எந்த வருஷம், எத்தனை டிரம், என்ன சரக்கு, எல்லாம் எழுது. நான் தட்டச்சு பண்றேன். இந்தத் தடவை ஒரு வரி இல்லாம உன்னை நான் அனுப்ப மாட்டேன்."

அவன் பேனாவை எடுத்தான்.  காகித ஓரத்தில் வருடத்தை எழுதினான், அடித்தான், மறுபடி எழுதினான். நான் கடைக்காரரின் கணினியில் அதைத் தட்டச்சு செய்தேன். சின்னது எழுந்து வந்து என் தோளுக்குப் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்தது. புதுப்பிரதி சூடாக வெளியே வந்ததும் அதை மேசையில் வைத்து, விரலால் தேடி, ஐந்தாம் கேள்விக்கு எதிரே பூஜ்யத்தை அடித்துவிட்டு இரண்டு போட்டேன். பக்கத்துக் கட்டத்தில் பதினான்காவது வரி என்று எழுதினேன்.